மைசூர்பாகுக்குப் பிறகு காபி ஏன் கசக்கிறது?

தீபாவளிக்கு மறுநாள் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். தட்டில் இரண்டு துண்டு மைசூர்பாகு வந்தது. விரலில் நெய் ஒட்டும் ரகம். ஒன்றைத் தின்று முடித்த கையோடு டம்ளரை எடுத்து ஒரு வாய் காபி குடித்தேன். கசந்தது. கசப்புக்குப் பின்னாலேயே லேசாக ஒரு புளிப்பும் தட்டியது. வாய் சும்மா இருக்குமா? "சர்க்கரை போட மறந்துட்டீங்களா அண்ணி?" என்று கேட்டுவிட்டேன்.

"ரெண்டு ஸ்பூன் போட்டேனே தம்பி!" என்றார் அவர், முகம் வாடிப்போய். பக்கத்தில் அவருடைய மாமியார் அதே காபியைத்தான் குடித்துக்கொண்டிருந்தார். "எனக்குப் பாயசம் மாதிரி இருக்கு. உனக்கு எப்படிப் பத்தாமப் போச்சு?" என்றார். அந்த அம்மா இனிப்பைத் தொட்டிருக்கவில்லை. அதுதான் வித்தியாசம். ஒரே பால், ஒரே டிகாக்ஷன், ஒரே அளவு சர்க்கரை. அவருடைய நாக்குக்குப் பாயசம், என்னுடைய நாக்குக்குக் கஷாயம்.

வெயிலில் நின்றுவிட்டு வீட்டுக்குள் நுழைந்தால் கொஞ்ச நேரம் கண் தெரியாது. வீடு இருட்டாக இல்லை, கண்தான் வெயிலுக்குப் பழகிப்போய் வந்திருக்கிறது. நாக்கும் அப்படித்தான். மைசூர்பாகுக்கு ஒரு பங்கு கடலை மாவு, இரண்டு பங்கு சர்க்கரை, இரண்டு பங்கு நெய் என்பது பல வீடுகளின் கணக்கு. எடையில் பார்த்தால் ஒரு துண்டில் ஏறக்குறைய 40 விழுக்காடு சர்க்கரைதான். ஒரு டம்ளர் காபியில் இரண்டு ஸ்பூன் போட்டாலும் 7 அல்லது 8 விழுக்காட்டைத் தாண்டாது. நாற்பதுக்குப் பழகிய நாக்குக்கு எட்டு ஒரு பொருட்டே இல்லை. காபியின் இனிப்பு காணாமல் போகிறது. அதுவரை இனிப்பு மூடி வைத்திருந்த கசப்பும் புளிப்பும் வெளியே வந்துவிடுகின்றன.

இதைச் சோதித்துப் பார்க்க மைசூர்பாகுகூட வேண்டாம். வழக்கமாகக் குடிக்கிற காபியை ஒரு வாய் குடியுங்கள். அரை ஸ்பூன் சர்க்கரையை வாயில் போட்டு, கரைந்ததும் முழுங்கிவிட்டு, இன்னொரு வாய் குடியுங்கள். வேறு காபியோ என்று தோன்றும். அப்புறம் தண்ணீர் குடித்து இரண்டு நிமிடம் விட்டு, மறுபடி அரை ஸ்பூன் சர்க்கரையை வாயில் போடுங்கள். இந்த முறை முழுங்காமல், அது வாயில் இருக்கும்போதே காபியை உறிஞ்சுங்கள். இப்போது கசப்பு அடங்கி, காபி மெத்தென்று இருக்கும்.

காபியோடு எதைத் தின்னலாம் என்ற கேள்விக்குப் பாதி விடை இந்த இரண்டு வாய்க்குள் இருக்கிறது. இனிப்பும் கசப்பும் ஒரே நேரத்தில் வாயில் சேர்ந்தால் ஒன்றை ஒன்று அடக்கும். ஒன்று போன பிறகு அடுத்தது வந்தால், முன்னது பின்னதைத் தூக்கிக் காட்டும். ஆக, மைசூர்பாகும் காபியும் ஒத்துப்போகுமா என்று கேட்பதில் பொருளில்லை. சேர்ந்து வருகின்றனவா, அடுத்தடுத்து வருகின்றனவா என்றுதான் கேட்க வேண்டும்.

காபியின் கசப்பு எங்கிருந்து வருகிறது என்பதையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். காஃபீன்தான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். அதன் பங்கு சிறிது. காஃபீனை நீக்கிய காபியும் கசக்கத்தானே செய்கிறது? பச்சைக் கொட்டையில் குளோரோஜெனிக் அமிலம் என்று ஒன்று உண்டு. வறுக்கும்போது அது உடைந்து, கசப்பான பொருள்களாக மாறுகிறது. இளவறுப்பில் கொட்டையின் சொந்தப் புளிப்பு மிஞ்சியிருக்கும். வறுப்பு ஏற ஏறப் புளிப்பு குறைந்து கசப்பு ஏறும். நம் பில்டர் காபிப் பொடியில் இதற்கு மேல் சிக்கரி வேறு. அது ஒரு செடியின் வேர். அதில் காஃபீன் கிடையாது. கொழகொழப்பும் நிறமும் தனக்கென்று ஒரு கசப்பும் அதில் உண்டு, புளிப்பு தெரியாது. சிக்கரி கலந்த பொடியில் பாதிக்கு மேல், அதாவது 51 விழுக்காடாவது, காபி இருக்க வேண்டும் என்பது சட்டம். கடைகளில் 80:20, 70:30, 60:40 என்று கேட்டு வாங்குகிறோம். பின்னால் வரும் எண் கூடக் கூட, தட்டில் வைக்கிற பண்டத்தின் வேலை புளிப்பைச் சமாளிப்பதிலிருந்து கசப்பைச் சமாளிப்பதற்கு நகர்ந்துவிடும்.

அந்தத் தீபாவளிக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து இதை முறையாகவே செய்து பார்த்தேன். 80:20 பொடி 30 கிராம், கொதித்து இறக்கிய தண்ணீர் 150 மில்லி. பொடியே கிட்டத்தட்ட 60 மில்லியைக் குடித்துவிட, கீழ்த் தட்டில் 90 மில்லி டிகாக்ஷன் இறங்கியது. ஒரு டம்ளருக்கு 30 மில்லி டிகாக்ஷன், 100 மில்லி பால், சமமாக வழித்த ஒரு ஸ்பூன் சர்க்கரை. மூன்று டம்ளர். முன்னால் கேசரி, தேங்குழல், மேரி பிஸ்கட், மிளகாய் பஜ்ஜி, தக்காளிச் சட்னி. ஒவ்வொன்றுக்கும் நடுவில் வெந்நீர் குடித்து வாயைக் கழுவிக்கொண்டேன். வீட்டில் இருந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டியதில்லை.

கேசரிக்குப் பிறகு எதிர்பார்த்ததுதான் நடந்தது. காபி மெலிந்து கசந்தது. தேங்குழலுக்குப் பிறகு நேர்மாறு. காபி இனித்தது. ஒரு ஸ்பூன் சர்க்கரை ஒன்றரை ஸ்பூன் ஆனது போல. முதலில் மனப்பிரமை என்று நினைத்தேன். ஆனால் இதற்கு ஆய்வகச் சான்று இருக்கிறது. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரிலுள்ள மோனெல் மையத்தில் சுவையையும் மணத்தையும் மட்டுமே ஆராய்கிறார்கள். அங்கே பணியாற்றிய பிரெஸ்லின், போஷாம்ப் இருவரும் 1997-இல் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். சர்க்கரையும் கசப்புப் பொருளும் கலந்த நீரில் சோடிய உப்பைச் சேர்த்தபோது கசப்பு இறங்கியது. அதோடு, கசப்பால் அமுங்கிக் கிடந்த இனிப்பு மேலே வந்தது. அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது அவ்வளவாகக் கரிக்காத ஒரு சோடிய உப்பு. ஆகவே கரிப்புச் சுவை நம் கவனத்தைத் திருப்பியதால் வந்த மயக்கம் அல்ல இது. சோடியம் தானே கசப்பின் மேல் கை வைக்கிறது.

தேங்குழலில் உப்பு இருக்கிறது. கடித்து முழுங்கிய பிறகும் அது எச்சிலில் தங்குகிறது. அடுத்து வரும் காபியின் கசப்பை அது குறைக்க, காபியில் ஏற்கனவே இருந்த சர்க்கரையும் பாலின் இலேசான இனிப்பும் வெளியே தெரிகின்றன. இனிப்புப் பண்டம் காபியோடு சேர்ந்து வந்தால்தான் உதவும். உப்புப் பண்டம் முன்னால் போனாலும் உதவும்.

இப்போது பெண் பார்க்கும் வீட்டை நினைத்துப் பாருங்கள். சொஜ்ஜி, பஜ்ஜி, அப்புறம் காபி. கல்யாண வீட்டு டிபனிலும் இலையில் முதலில் இனிப்பு, கடைசியில் காபி. ஸ்வீட், காரம், காபி என்று ஒரே மூச்சில் சொல்கிறோமே, அந்த வரிசையைச் சடங்கு என்றே நினைத்திருந்தேன். நடுவில் உட்கார்ந்திருக்கிற காரம் வெறும் இடைவேளை இல்லை. இனிப்பில் மழுங்கிய நாக்கைத் துடைத்து, உப்பு தடவி, காபிக்குத் தயார்செய்து அனுப்புகிறது. சோடியத்தைப் பற்றி யாரும் யோசித்து வைத்த வரிசையாக இருக்காது. பல காலம் தின்று பார்த்தவர்கள் எது நன்றாக இருந்ததோ அதை வைத்துக்கொண்டிருப்பார்கள். நான் நண்பர் வீட்டில் செய்த பிழை, நடுவிலிருந்த மிக்சரைத் தாண்டிக் குதித்தது.

காரம் என்ற சொல்லை நாம் உப்புப் பண்டம், மிளகாய்க் காரம் இரண்டுக்குமே வைத்திருக்கிறோம். இங்கே அதைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். மிளகாய் பஜ்ஜியும் சூடான காபியும் என் சோதனையில் தோற்றன. மிளகாயின் எரிச்சல் ஒரு சுவையே அல்ல. சுடுகிறது என்று மூளைக்குச் சொல்லும் அதே நரம்பு முனைகளை அது தூண்டுகிறது. அந்த முனைகள் சுமார் 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டுக்கும் விழித்துக்கொள்ளும். காபி நம் உதட்டுக்கு வரும்போது 60 டிகிரி இருக்கும். மிளகாய் ஒரு பக்கம், சூடு ஒரு பக்கம். இரண்டும் ஒரே கதவைத் தட்டுகின்றன. பாலிலுள்ள புரதம் எரிச்சலைத் தணிக்கும் என்பது உண்மைதான், ஆனால் கொதிக்கக் கொதிக்க வரும் பாலில் அந்த உதவி பெரிதாகத் தெரிவதில்லை. வாழைக்காய் பஜ்ஜி, வெங்காய பஜ்ஜி என்றால் தொல்லையில்லை. மிளகாய் பஜ்ஜிதான் வேண்டும் என்றால் காபியை இரண்டு முறை கூடுதலாக ஆற்றிக்கொள்ளுங்கள்.

தக்காளிச் சட்னி இன்னும் மோசம். புளிப்பான ஒன்றைத் தின்றுவிட்டுப் பால் காபி குடித்தால், காபியின் உயிர் போய்விடுகிறது. தட்டையாக, கசப்பு மட்டும் மிஞ்சிய ஒரு பானம். பால் திரிந்துவிட்டதோ என்ற சந்தேகமும் வரும். பஜ்ஜிக்குத் தேங்காய்ச் சட்னி தரும் வீடுகளில் காபி ஏன் நன்றாக இருக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கட்சி. எலுமிச்சை பிழிந்த பொரி, புளிப்புத் தூள் தூவிய சிப்ஸ் வகையறாக்களைக் காபியோடு வைக்க வேண்டாம்.

பிஸ்கட்டுக்கு வருவோம். மேரி பிஸ்கட்டில் இனிப்பும் உப்பும் இரண்டுமே அடக்கம். தனியாகத் தின்றால் அதில் ஒன்றுமில்லை. ஆனால் காபியில் தோய்த்தால் கதை வேறு. முன்னால் சொன்ன 'சேர்ந்து வருவது' தோய்க்கும்போது தானாக நடந்துவிடுகிறது. பிஸ்கட்டின் சர்க்கரையும் மாவும் காபியின் கசப்பும் ஒரே கரைசலாக நாக்கில் இறங்குகின்றன. உலர்ந்த பிஸ்கட்டில் அடைபட்டிருக்கும் மணமும் சூட்டில் விடுபடுகிறது. கிரீம் பிஸ்கட்டில் இது நடக்காது. நடுவிலிருக்கும் கிரீம் பெரும்பாலும் சர்க்கரையும் கொழுப்பும்தான், அது மைசூர்பாகு செய்கிற வேலையைத்தான் செய்யும், மைசூர்பாகின் ருசி இல்லாமல். பேக்கரி வெண்ணெய் பிஸ்கட், உப்பு பிஸ்கட், ஊட்டி வர்க்கி எல்லாம் பில்டர் காபிக்கு நல்ல ஜோடி. வர்க்கியைத் தேநீருக்கென்றே பிறந்தது என்பார்கள். சிக்கரி கூடிய காபிக்கு அதைக் கொடுத்துப் பாருங்கள்.

காபிக்கென்றே பிறந்த பிஸ்கட்டும் உண்டு. பெல்ஜியத்தில் லெம்பெக் என்ற ஊரில் 1932-இல் தொடங்கிய லோட்டஸ் பேக்கரியின் பிஸ்காஃப். பிஸ்கட், காபி இரண்டு சொற்களையும் ஒட்டவைத்த பெயர்தான் அது. பொன்னிறம் தாண்டிப் பழுப்பாகும் வரை சர்க்கரை முறுகிய பிஸ்கட். சர்க்கரை முறுகும்போது இனிப்பு குறைந்து, இலேசான கசப்பும் வறுத்த மணமும் வரும். வறுத்த காபிக்கொட்டையிலும் அதே குடும்பத்து மணங்கள் இருப்பதால், கசப்புக்கு இனிப்பை எதிரியாக நிறுத்தாமல் உறவாக நிறுத்துகிறது அந்த பிஸ்கட். நம் ஊரில் அந்த வேலையைச் செய்வது கடலை மிட்டாய். முறுகிய வெல்லப்பாகு, வறுத்த கடலை. பால் இல்லாத காபிக்கு இதைவிடப் பொருத்தமான இனிப்பை நான் தின்றதில்லை.

பால் இல்லாத காபியில் கணக்கே மாறுகிறது. பால் சேர்ந்தால் அதன் புரதம் காபியின் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ளும், கொழுப்பு நாக்கில் படர்ந்து முனையை மழுக்கும். அது இல்லாதபோது புளிப்பு முன்னால் வந்து நிற்கும், அதுவும் தண்ணீரில் கழுவிப் பதப்படுத்திய அராபிகாவை இளவறுப்பாக வறுத்திருந்தால். பிளான்டேஷன் ஏ, பீபெரி என்று கடையில் சொல்வது இந்தக் கழுவிய அராபிகாவைத்தான். "புளிக்குது, பொடி பழசு" என்று இதைத் திருப்பிக் கொடுப்பவர்களைக் காபிக் கடையில் பார்த்திருக்கிறேன். புளிப்பையும் கசப்பையும் பிரித்தறிய ஒரு வழி: குடித்ததும் வாயில் எச்சில் ஊறினால் அது புளிப்பு. முழுங்கிய பிறகும் தொண்டைப் பக்கம் தங்கி, வாயை உலர்த்தினால் அது கசப்பும் துவர்ப்பும். நல்ல காபியின் புளிப்பு பழத்தின் புளிப்பு போல வந்து உடனே போய்விடும்.

இப்படிப்பட்ட காபியைக் காலம் காலமாகக் குடித்தவர்கள் எதைத் தின்றார்கள்? காபி பிறந்த எத்தியோப்பியாவில், விருந்தாளிக்கு முன்னாலேயே கொட்டையை வறுத்து, மண் குடுவையில் காய்ச்சி ஊற்றும்போது, பக்கத்தில் சோளப்பொரி வைக்கிறார்கள். சாதுவான பண்டம், புளிப்போடு மல்லுக்கு நிற்பதில்லை. அரபு நாடுகளில் இளவறுப்புக் காபியில் ஏலக்காய் போட்டு, சர்க்கரை சேர்க்காமல், சின்னக் கிண்ணத்தில் தருவார்கள். கூடவே பேரீச்சம்பழம். இனிப்பு முழுவதும் தட்டில், காபியில் துளியும் இல்லை. பழத்தை மென்றுகொண்டே உறிஞ்சும்போது புளிப்பும் இனிப்பும் வாயில்தான் சந்திக்கின்றன. காபிக்குள் இனிப்பு இருக்கும் என்ற எதிர்பார்ப்பே நாக்குக்கு இல்லாததால் ஏமாற்றமும் இல்லை.

மைசூர்பாகு, திருநெல்வேலி அல்வா போன்ற நெய் சொட்டும் இனிப்புகளுக்கும் இந்த அரபு வழியையே சிபாரிசு செய்வேன். சர்க்கரை போடாத, டிகாக்ஷன் கூடிய, நல்ல சூடான காபி. சூடு இங்கே முக்கியம். நெய் உடம்புச் சூட்டுக்குக் கொஞ்சம் கீழேயே உருகிவிடும். வாயில் பூசிய நெய்யைச் சூடான காபி கழுவிக்கொண்டு போகும். ஆறிய காபியால் அது ஆகாது. தவிர, காபி ஆற ஆறப் புளிப்பு தூக்கும். துண்டைக் கடித்து, பாதி கரைந்திருக்கும்போதே ஒரு வாய் காபி. முழுங்கிவிட்டுக் குடிக்கக் கூடாது.

பால்கோவாவை மட்டும் எந்தக் காபியோடும் சேர்க்க எனக்குத் தெரியவில்லை. பாலுக்குப் பால், சர்க்கரைக்குச் சர்க்கரை. கறுப்புக் காபியோடு கொஞ்சம் தேறும், அவ்வளவுதான்.

மாலையில் ஆறு பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொடி 60 கிராம், தண்ணீர் 300 மில்லி. ஆறு பேருக்கு 180 மில்லி டிகாக்ஷன் கிடைக்கும். முதலில் கேசரி, ஆளுக்கு ஒரு சின்னக் கரண்டி. அதற்குப் பின் தேங்குழலோ தட்டையோ ஓமப்பொடியோ, தாராளமாக. ஐந்து நிமிடப் பேச்சுக்குப் பிறகு பாலைச் சூடாக்குங்கள். சர்க்கரை ஒரு ஸ்பூன் போதும், உப்பு மீதியைப் பார்த்துக்கொள்ளும். மைசூர்பாகு இருந்தால் அதைக் காபியோடு சேர்த்துக் கொண்டுவாருங்கள், அப்போது காபியில் சர்க்கரை வேண்டாம். சர்க்கரைக் கிண்ணமும் ஸ்பூனும் தனியாக நடுவில் இருக்கட்டும். காபி கசக்கிறது என்று யாராவது சொன்னால் கிண்ணத்தை நீட்டுவதற்கு முன் முறுக்குத் தட்டை நீட்டுங்கள்.